ஹாம்பர்க் ஆபீசுக்குப் போகும் மெயில்: "வேண்டாமா?" என்று கேட்டோம், "யெஸ்" என்று பதில் வந்தது

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எங்கள் கம்பெனிக்கே ஜெர்மனியில், ஹாம்பர்க்கில், ஒரு சின்ன ஆபீஸ் உண்டு. இரண்டு ஜெர்மன்காரர்கள், ஒரு துருக்கிக்காரர், ஒரு போலந்துப் பெண். அங்கேயும் யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, இங்கேயும் இல்லை. சீசன் சூடுபிடித்தால் ஒரு நாளைக்கு நாற்பது மெயில் போகும், வரும்.

இங்கிருந்து போகும் மெயில் பாதி புரிவதில்லை என்று அங்கிருந்து புகார். ஊழியர்களுக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதித் தரும்படி மேனேஜர் என்னிடம் சொல்லியிருக்கிறார். உதாரணத்துக்கு டிஸ்பாட்ச் பிரிவிலிருந்து போன ஒரு மெயிலைத் தருகிறேன். மூலம் ஆங்கிலம், அதே தொனியில் தமிழில் எழுதியிருக்கிறேன். இதில் பெங்களூரா என்பது மாம்பழ வகை, பிரிக்ஸ் என்பது கூழின் சர்க்கரை அளவு:

"டியர் டீம், துறைமுகத்தில் நம் நண்பர்கள் வழக்கம்போல ராஜ மரியாதை கொடுத்ததால் 80 டிரம் பெங்களூரா கன்டெய்னர் அடுத்த வெள்ளி வாக்கில்தான் கப்பல் ஏறும். பிரிக்ஸ் 14.2, ஒன்றும் மோசமில்லை. உங்கள் ஸ்பெக்கில் எனக்கு ஒரு டவுட். இந்த லாட்டுக்குப் பூச்சிமருந்து ரிப்போர்ட் உங்களுக்கு வேண்டாமா? மற்றதையும் பார்த்து, நீட்ஃபுல் செய்து, 06/07க்குள் ரிவர்ட் செய்யவும். மாங்கனிக் கண்காட்சி முடிந்துவிட்டால் எங்களால் ஒன்றும் தர முடியாது."

வந்த பதில்: "யெஸ், தேங்க்ஸ்." அவ்வளவுதான். டிஸ்பாட்ச்காரர்கள் ஆமாம், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு ரிப்போர்ட் இல்லாமலே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது ஆமாம், வேண்டும் என்று. சரக்கு இப்போது ஹாம்பர்க் கிடங்கில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறது, வாடகை ஏறுகிறது.

இந்த மெயிலில் எதை எதை மாற்றச் சொல்வீர்கள்?

ஓசூர்_சேகர்

மேடம், ஜெர்மன்காரங்க முகத்துக்கு நேரா பேசுற ஆளுங்க. வணக்கம், நன்றி, நலமா எல்லாத்தையும் தூக்கிட்டு பத்து வார்த்தையில முடிங்க. "ரிப்போர்ட்? ஆமா/இல்ல?" இவ்வளவு போதும். நான் அப்படித்தான் எழுதுறேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்ல.

பர்கூர்_கல்லு

ரிப்போர்ட் எந்த லேபில் எடுக்கிறீர்கள்? பெங்களூருக்கு அனுப்பினால் நாள் ஆகும். சீசனுக்கு முன்பே பேசி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நான் கிரானைட். இத்தாலிக்குப் போகிறது. நான் மெயிலே எழுதுவதில்லை, வீடியோ கால் போட்டுப் பலகையைக் காட்டிவிடுவேன். கல்லுக்கு மொழி எதற்கு?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

@பர்கூர்_கல்லு அண்ணா, லேப் பிரச்சினை இல்லை. ரிப்போர்ட் எடுக்க ஐந்து நாள், அது எங்களுக்குத் தெரிந்ததே. கேள்வி எழுதும் விதத்தைப் பற்றி. கூழை வீடியோவில் காட்டினால் எல்லா டிரம்மும் ஒரே மஞ்சள்தான்.

தளி_ரோடு

விமானப் பராமரிப்புக் கையேடு எழுதுவது என் வேலை. ஓசூரிலிருந்து பெங்களூருக்குத் தினமும் போய் வருகிறேன். இந்த மெயிலில் பணம் போனது ஒரே இடத்தில்தான், அதை முதலில் பார்ப்போம்.

நம் ஊரில் "காபி வேண்டாமா?" என்று கேட்டால் "ஆமா, வேண்டாம்" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு நம் "ஆமா". ஜப்பான்காரர்களின் "ஹாய்"யும் இதே மாதிரிதான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. "டோன்ட் யூ நீட்" என்று கேட்டால், வேண்டும் என்பவர் "யெஸ்" சொல்வார், வேண்டாம் என்பவர் "நோ" சொல்வார். கேள்வி எப்படி வந்தது என்பதைப் பார்க்கவே மாட்டார். ஜெர்மனில் இதற்கென்றே "டோக்" என்று தனிச்சொல் உண்டு: நீ இல்லை என்று நினைக்கிறாய், ஆனால் உண்டு என்று பொருள். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சொல்லுக்கு இடம் கிடைக்காமல் வெறும் "யெஸ்" போட்டுவிட்டார். அவர் இலக்கணப்படி சரி. படித்தவர் காதில் தமிழ் கேட்டது, அதனால் அவரும் தன் கணக்கில் சரி.

ஆகவே "யெஸ் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்" என்று எழுதி ஒட்டினால் பயன் இல்லை, அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. கேள்வியையே அப்படிக் கேட்கக் கூடாது. டோன்ட், இஸ்ன்ட், நாட் எதுவும் கேள்விக்குள் வரக் கூடாது. "தானே", "இல்லையா" என்று வாலில் சேர்ப்பதும் கூடாது. "ரிப்போர்ட் வேண்டுமா?" என்று நேராகக் கேட்பது ஒரு படி மேல். அதைவிட நல்லது இரண்டு வழியையும் எழுதி, அ, ஆ என்று பெயரிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. "யெஸ்" என்று பதில் வந்தால் அது பதிலே இல்லை என்று படிப்பவருக்கு உடனே தெரியும், திருப்பிக் கேட்பார்.

சேகர், நீங்கள் சொன்னதில் பாதி சரி. நீளம் குறைந்தால் நல்லதுதான். ஆனால் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் வணக்கமும் நன்றியும் இல்லை. வந்த பதில் இரண்டே சொல், பத்து வார்த்தைக்கும் கீழே. அதில்தான் சரக்கு மாட்டிக்கொண்டது.

ஓசூர்_சேகர்

நான் கேட்ட கேள்வியில "வேண்டாமா" இல்லையே சார்.

தளி_ரோடு

"ஆமா/இல்ல?" என்று கேட்டீர்கள். எதற்கு ஆமா? எடுத்தாயிற்றா, எடுக்கணுமா, கிடைத்ததா?

பாலக்கோடு_தமிழ்

வீட்டிலிருந்தே அமெரிக்க டீமுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்கிறேன். "ரிவர்ட்" பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நமக்கு அது பதில் போடு என்று பொருள். எங்கள் துறையில் அது ஒரு கட்டளை:

```
git revert <commit>
```

போன மாற்றத்தைத் திரும்ப எடு என்று பொருள். எங்கள் டீமில் சேர்ந்த ஒரு பையன் "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச்" என்று எழுதினான், கருத்துச் சொல்லுங்கள் என்ற அர்த்தத்தில். அங்கே விடிந்ததும் ஒருத்தர் மாற்றத்தையே திருப்பி எடுத்துவிட்டு, "டன்" என்று பதில் போட்டார். பையன் அதைப் பார்த்து சந்தோஷப்பட்டான், பார்த்துவிட்டார்கள் போல என்று. மறுநாள்தான் தெரிந்தது.

"டவுட்"டும் அப்படித்தான். நமக்குச் சந்தேகம் என்றால் கேள்வி. வகுப்பில் கை தூக்கி டவுட் கேட்டே வளர்ந்தோம். அவர்களுக்கு "உங்கள் ஸ்பெக்கில் டவுட்" என்றால், உங்கள் ஸ்பெக்கை நான் நம்பவில்லை என்று படும். ஒரு ஜெர்மன்காரரிடம் அதைச் சொன்னால் அவர் தன் ஸ்பெக்கை நியாயப்படுத்தி ஒரு பக்கம் எழுதுவார்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

எழுதினார்! ஒரு பக்கம் இல்லை, ஒரு இணைப்புடன். அதனால்தான் அந்த மெயிலில் ரிப்போர்ட் கேள்விக்கு ஒரு சொல்லோடு முடித்துவிட்டார் போல. இணைப்பு தனி மெயிலில் வந்தது.

எதுக்கு_நாம

எல்லாம் சரி. எப்போதும் நாமேதான் மாற வேண்டுமா? அந்தப் பக்கம் "பால்பார்க் ஃபிகர்" கொடு, "டச் பேஸ்" செய்வோம் என்று எழுதுகிறார்கள். தர்மபுரியில் யார் பேஸ்பால் ஆடினார்கள்? அவர்களுக்கு யாராவது குறிப்பு எழுதித் தருகிறார்களா? நாம் மட்டும் ராஜ மரியாதை என்று எழுதக் கூடாது, ஆனால் அவர்கள் எதை எழுதினாலும் நாம் அகராதியைத் தேட வேண்டும்.

தளி_ரோடு

கோபம் நியாயம். ஆனால் இந்த இழையின் மெயில் நம் பக்கத்திலிருந்து போனது, நிறுத்தக்கூடியதும் அதுதான். அந்தப் பக்கத்துக்கும் குறிப்பு போக வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஜெர்மன்காரர்கள் "அன்டில் ஃப்ரைடே" என்று எழுதினால் வெள்ளிக்குள் என்று பொருள் கொள்ளுங்கள். அவர்கள் மொழியில் "க்குள்" என்பதற்கும் "வரை" என்பதற்கும் "பிஸ்" என்ற ஒரே சொல்தான், அது ஆங்கிலத்திலும் வழிந்துவிடும். வெள்ளி வரை நேரம் இருக்கிறது என்று வியாழன் முழுக்கக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நக்கல் விஷயம். "நம் நண்பர்கள் ராஜ மரியாதை கொடுத்தார்கள்." துறைமுகத்தில் இழுத்தடித்தார்கள் என்பதைத்தானே இப்படிச் சொன்னார்? ஹாம்பர்க்கில் என்ன புரிந்திருக்கும்?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

போலந்துப் பெண் கேட்டார், துறைமுகத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா, அதனால் முன்னுரிமை கிடைக்கிறதா என்று. நிஜமாகவே கேட்டார். இனி தாமதம் வரவே வராது என்று வாடிக்கையாளரிடம் சொல்ல இருந்தார்.

தளி_ரோடு

2005இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. கல்லூரி மாணவர்களை நக்கலாகவும் நேராகவும் சில வாக்கியங்கள் மெயிலில் எழுதச் சொன்னார்கள். எதிராளி சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் 78 சதவீதம் நம்பினார்கள். உண்மையில் கண்டுபிடித்தது 56 சதவீதம். நாணயம் சுண்டிப் போட்டாலே 50 வரும். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் ஒரே நாட்டில், ஒரே மொழியில் எழுதிக்கொண்டவர்கள். நாம் எழுதுவது இரண்டு பக்கமும் கடன் வாங்கிய மொழியில்.

குரல் இருந்தால் நக்கல் பிழைத்துக்கொள்ளும். "ஆஹா, ரொம்ப சீக்கிரம்!" என்று நீங்கள் இழுக்கிற இழுப்பில் எல்லாம் தெரியும். எழுத்தில் அந்த இழுப்பு இல்லை, சொல் மட்டும் போகிறது. படிப்பவர் சொன்னதை அப்படியே நம்புவார், இல்லையென்றால் தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அவர் உங்களிடம் கேட்க மாட்டார். அடுத்த மெயிலில் உங்கள் மேனேஜரைச் சேர்த்துவிடுவார், அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

பாலக்கோடு_தமிழ்

சிரிக்கிற பொம்மை போட்டால்? நாங்கள் போடுகிறோம், யாரும் தப்பாக எடுத்ததில்லை.

எதுக்கு_நாம

கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மையை என் மேலதிகாரி அழுகிற பொம்மை என்று நினைத்து ஆறுதல் சொன்னார். போதுமா?

தளி_ரோடு

பழகிய டீமில் பரவாயில்லை. ஆனால் பொம்மை போட்டுத்தான் இந்த வாக்கியம் காப்பாற்றப்பட வேண்டும் என்று தோன்றினால், வாக்கியத்தையே மாற்றிவிடுவேன். கிடங்குக்கோ கணக்குப் பிரிவுக்கோ மெயில் ஃபார்வர்டு ஆகும்போது உங்களைத் தெரியாதவர்கள்தான் படிப்பார்கள்.

பர்கூர்_கல்லு

நான் சொன்னதற்கு வருகிறேன். கால் போட்டால் இதெல்லாம் இல்லை. குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது.

தளி_ரோடு

அண்ணா, காலில் தீர்த்தது நல்லதுதான். ஆனால் மூன்று வாரம் கழித்து சரக்கு இறங்கும்போது யார் என்ன சொன்னது என்பதற்கு மெயில்தான் சாட்சி. கால் முடிந்ததும் முடிவை நாலு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். அந்த நாலு வரிக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

இன்னும் இரண்டு கேட்கணும். "மாங்கனிக் கண்காட்சி" எழுதியது தப்பு என்று எனக்கே தெரிகிறது. நமக்கு அது காலண்டர் மாதிரி, கண்காட்சி முடிந்தால் பழம் முடியப் போகிறது என்று ஊரே பேசும். ஹாம்பர்க்கில் அதை வர்த்தகக் கண்காட்சி என்று நினைத்து, நீங்கள் ஸ்டால் போடுகிறீர்களா என்றார்கள். "ஆடிக்கு அப்புறம்" என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இதற்குத் தேதி எழுதச் சொல்லிவிடலாம். "பெங்களூரா" என்பதை என்ன செய்வது? இங்கே விவசாயி, தரகர், கமிஷன் மண்டி எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தளி_ரோடு

ஒப்பந்தத்தில் என்ன பெயர் இருக்கிறது?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

தோத்தாபுரி.

தளி_ரோடு

அப்போது மெயிலிலும் தோத்தாபுரி. எங்கள் விமானத் துறையில் இதற்கென்றே ஒரு எளிய ஆங்கிலத் தரம் 1980களிலிருந்து இருக்கிறது, ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று பெயர். அதில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். "ஃபாலோ" என்றால் பின்னால் வருவது மட்டுமே, விதியைக் கடைப்பிடிப்பதற்கு வேறு சொல் போட வேண்டும். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. மெயிலுக்கு அத்தனையும் வேண்டாம், பைத்தியம் பிடித்துவிடும். ஆனால் ஒரு பொருளுக்கு ஒரே பெயர், கடைசிவரை அதே பெயர் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் பெங்களூரா, அடுத்ததில் தோத்தாபுரி, இணைப்பில் டிஎம்பி என்று போனால் மூன்று சரக்கு என்று நினைப்பார்கள்.

ஓசூர்_சேகர்

தேதியும் சொல்லிடுங்க சார். 06/07ன்னா ஜூன் ஏழா, ஜூலை ஆறா? ஜெர்மன்காரங்க தலைகீழாதான் எழுதுவாங்க.

பாலக்கோடு_தமிழ்

அது அமெரிக்கர்கள், மாதத்தை முன்னால் போடுவார்கள். ஜெர்மன்காரர்கள் நம்மைப் போல நாளை முன்னால் போட்டு நடுவில் புள்ளி வைப்பார்கள். எதுவானாலும் மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் சண்டை இல்லை.

தளி_ரோடு

ஆமாம். இன்னொரு இடத்தில் புள்ளி நிஜமாகவே கடிக்கும். மேடம், நீங்கள் பிரிக்ஸ் அளவுகளை மெயில் உடலில் எழுதி, அவர்கள் எடுத்து எக்செலில் ஒட்டுகிறார்களா?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

ஆமாம்! ஒரு தடவை 14.2 என்று நாங்கள் அனுப்பியதற்கு, அவர்கள் ஷீட்டில் "14. பிப்ரவரி" என்று இருந்தது. பையன்கள் சிரித்துத் தள்ளினார்கள்.

தளி_ரோடு

ஜெர்மன் எக்செலில் தசமத்துக்குக் கமா, தேதிக்குப் புள்ளி. 14.2 அதற்குப் பிப்ரவரி 14. அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், 14.8 ஆகஸ்ட் 14 ஆவதும் தெரிந்துவிடும். ஆயிரத்தைப் பிரிக்கும் கமாதான் கண்ணில் படாது. 1,500 கிராம் சிட்ரிக் ஆசிட் என்று நாம் எழுதினால், அவர்கள் கண்ணுக்கு அது ஒன்றரைக் கிராம். எடைக்கு இந்தத் தொல்லை இல்லை, 80 டிரம்முக்கு 17,200 கிலோ என்று எழுதியதை யாரும் 17 கிலோ என்று நினைக்க மாட்டார்கள். சின்ன அளவுகளில்தான் இரண்டும் நம்பும்படி இருக்கும். கமாவே போடாமல் 1500 என்று எழுதுங்கள். லேப் எண்களை மெயிலில் எழுதாமல் எக்செல் கோப்பாகவே இணைத்தால் அந்தக் கணினி தானே மாற்றிக்காட்டும்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

சரி, திருத்தி எழுதிப் பார்த்தேன். இதுவும் தமிழில் தருகிறேன்:

"தலைப்பு: 80 டிரம் தோத்தாபுரி, உங்கள் முடிவு தேவை, ஜூலை 6 மதியம் 12 மணிக்குள் (ஹாம்பர்க் நேரம்).

வணக்கம். சென்னைத் துறைமுகத்தில் நெரிசல், அதனால் கன்டெய்னர் தாமதம். இப்போதைய திட்டப்படி ஜூலை 10 கப்பல் ஏறும். பிரிக்ஸ் அளவு இணைப்பில், ஒப்பந்தத்தின் கீழ் எல்லை 14, இந்த லாட் அதற்கு மேல்.

பூச்சிமருந்து ரிப்போர்ட்: ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.
அ. ரிப்போர்ட்டோடு அனுப்புகிறோம், ஏற்றுவது ஜூலை 15.
ஆ. ரிப்போர்ட் இல்லாமல் அனுப்புகிறோம், ஏற்றுவது ஜூலை 10.
ஜூலை 6க்குள் பதில் வராவிட்டால் அ.

ஸ்பெக்கின் 3ஆம் பக்கம் பற்றி ஒரு கேள்வி தனி மெயிலில். ஆகஸ்ட் 5க்குப் பிறகு இந்த ஆண்டு தோத்தாபுரிக் கூழ் உற்பத்தி இல்லை."

ஓசூர்_சேகர்

நல்லா இருக்கு. ஆனா "பதில் வராவிட்டால் அ"ன்னு மிரட்டுற மாதிரி இருக்கு. நம்ம ஊர்ல பெரியவங்களுக்கு இப்படி எழுத மாட்டோம்.

பாலக்கோடு_தமிழ்

எனக்கு அது பிடித்திருக்கிறது. அமெரிக்க டீமில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பதில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதாமல் விட்டால் நாம் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருப்போம்.

தளி_ரோடு

ஜெர்மன்காரருக்கு இது மிரட்டல் ஆகாது என்பது என் அனுபவம், தகவலாகவே எடுத்துக்கொள்வார். துருக்கிக்காரர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். முதல் முறை அனுப்பும்போது, இனி இப்படித்தான் எழுதப் போகிறோம், காரணம் இது என்று நாலு பேரிடமும் ஒரு காலில் சொல்லிவிட்டால் நல்லது. பர்கூர் அண்ணனுக்கும் மனம் குளிரும்.

ஒரே ஒரு திருத்தம். "தாமதம்" என்றால் எத்தனை நாள்? முன்பு சொன்ன தேதியையும் எழுதுங்கள்.

எதுக்கு_நாம

மதியம் 12 ஹாம்பர்க் நேரம் என்றால் நமக்கு மூன்றரை. நவம்பரில் அனுப்பினால் நாலரை. கடிகாரத்தை மாற்றுவது அவர்கள், கணக்குப் போடுவது நாம்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

நவம்பரில் எங்களுக்குப் பழம் ஏது? பழைய தேதியைச் சேர்த்துவிட்டேன், ஜூலை 3. குறிப்பின் ஜெர்மன் பக்கத்தை, அதாவது "அன்டில்" விஷயத்தை, போலந்துப் பெண்ணிடம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் "யெஸ்" என்றார். நான் நேர்க் கேள்வியாகத்தான் கேட்டேன்.